சிக்னல் முழுசாக இருக்கிறது, குரல் மட்டும் ஏன் உடைகிறது?

"டவர் ஃபுல்லா இருக்கு, ஆனா நீங்க பேசுறது ரோபோ மாதிரி கேக்குது." இப்படிச் சொல்பவர் ஒன்றோடொன்று அதிகம் சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறார். திரையின் மூலையில் இருக்கும் கோடுகள், டவரிலிருந்து வரும் அலை உங்கள் போனை எவ்வளவு வலுவாக எட்டுகிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. குரல் தெளிவாகக் கேட்பதற்கு வேண்டியது வேறு. குரலின் துண்டுகளைச் சுமக்கும் சிறிய டேட்டா பாக்கெட்டுகள் வினாடிக்கு 50, 20 மில்லிவினாடிக்கு ஒன்றாக, கிட்டத்தட்ட தவறாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். அலையில் வலு இருந்தும் பாக்கெட் நேரத்துக்கு வராமல் போகலாம். குரல் உடைவதைத் துருவிக்கொண்டே போனால் பெரும்பாலும் இந்தத் தாமதத்தில்தான் போய் நிற்கும்.

20 மில்லிவினாடிக்குள் என்ன நடக்கிறது

4ஜி வழியாகப் பேசும்போது (திரையில் VoLTE என்று வருமே, அதுதான்) போன் உங்கள் குரலை 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டையும் கோடெக் என்ற மென்பொருள் சுருக்குகிறது. இன்றும் பரவலாக இருக்கும் ஏ.எம்.ஆர். வைட்பேண்ட் கோடெக்கை எடுத்துக்கொள்வோம். ஒலியை வினாடிக்கு 16,000 முறை அளக்கும் கணக்கில் ஒரு துண்டில் 320 மாதிரிகள் இருக்கும். ஒவ்வொன்றும் 16 பிட் என்றால் மொத்தம் 5,120 பிட். கோடெக் அதன் 12.65 கிலோபிட் வேகத்தில் ஓடும்போது இதை 253 பிட்டாக்கிவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு.

இவ்வளவு சுருக்க முடிகிறது என்றால், கோடெக் ஒலியை அப்படியே அனுப்புவதில்லை என்று அர்த்தம். ஒலி எப்படி உண்டானது என்ற செய்முறையைத்தான் அனுப்புகிறது. அந்த 253 பிட்டில் 46 பிட், தொண்டையும் வாயும் அந்த நொடியில் எந்த வடிவத்தில் இருந்தன என்பதைக் குறிக்கிறது. 30 பிட் குரல்நாணின் அதிர்வு எவ்வளவு இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது என்று சொல்கிறது. 144 பிட் மீதமிருக்கும் நுணுக்கங்களுக்கு, 28 பிட் சத்தத்தின் அளவுக்கு. மிச்சமுள்ள 5 பிட் சில்லறைக் குறிப்புகள். மறுமுனையில் இருக்கும் போன் இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு குரலைப் புதிதாக உண்டாக்குகிறது. நம் காதில் விழுவது எப்போதுமே செயற்கையாகக் கட்டப்பட்ட குரல்தான். குறிப்புகள் சரியாக வரும்வரை அது நமக்குத் தெரிவதில்லை.

ஒரு பாக்கெட் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் அங்கே மௌனத்தை விட்டுவிடுவதில்லை. சட்டென்று சத்தம் நின்றால் 'டக்' என்று காதில் உறுத்தும். அதனால் கடைசியாக வந்த குறிப்பையே எடுத்து, அதே வாய் வடிவம், அதே சுருதி என்று வைத்து, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து ஒரு துண்டைத் தானே உண்டாக்கிச் செருகிவிடுகிறது. 20 மில்லிவினாடிக்குள் மனிதக் குரல் அதிகம் மாறிவிடாது என்பதால் ஒரு பாக்கெட் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. அடுத்தடுத்து மூன்று நான்கு தொலைந்தால்தான் குட்டு வெளிப்படும். உண்மையில் பேசியவர் 'கா'விலிருந்து 'லை'க்குப் போய்விட்டிருப்பார். போனோ இன்னும் 'ஆ' என்ற ஒரே உயிரை ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருக்கும். ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சுருதியில் நிற்கும் குரல்தான் நம் காதுக்கு ரோபோ.

பாக்கெட் மறுபடி வரத் தொடங்கியதும் எல்லாம் உடனே சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. இந்தக் கோடெக் ஒவ்வொரு துண்டையும் அதற்கு முந்தைய ஒலியின் மேல் வைத்துத்தான் கட்டுகிறது. அந்த முந்தைய ஒலியே போன் தானாக இட்டுக்கட்டியது என்றால், புதிதாக வந்த சரியான குறிப்பும் தப்பான அடித்தளத்தில் உட்கார்ந்துவிடும். கோணல் நிமிர இன்னும் சில துண்டுகள் ஆகும். 2014-இல் தரப்படுத்தப்பட்ட இ.வி.எஸ். கோடெக் இந்த இடத்தில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. அதன் ஒரு வகை இயக்கத்தில், முன்பு போன துண்டின் சுருக்கமான நகல் ஒன்று பின்னால் போகும் துண்டிலும் பயணிக்கும். முதலாவது தொலைந்தாலும் நகலை வைத்துச் சமாளித்துவிடலாம். ஆனால் இரண்டு போன்களும், நடுவில் இருக்கும் நெட்வொர்க்குகளும் இ.வி.எஸ்ஸை ஏற்றுக்கொண்டால்தான் அந்த வசதி அழைப்பில் கிடைக்கும்.

ஆகவே கேட்கும் விதத்தை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். ரோபோ மாதிரி, உலோகத்தனமாகக் கேட்டால் பாக்கெட்டுகள் சின்னச் சின்னக் கொத்துகளாகத் தொலைகின்றன. விட்டு விட்டுக் கேட்டால் இடைவெளி நீளமாகிவிட்டது. இட்டுக்கட்டிய ஒலியை அதற்கு மேல் இழுக்க முடியாமல் போன் மௌனமாகிவிடுகிறது. மூன்றாவதாக ஒன்று உண்டு, பலர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். வார்த்தைகள் இழுபட்டு, அப்புறம் அவசர அவசரமாக ஓடும். இங்கே பாக்கெட்டுகள் தொலையவில்லை, சீரான இடைவெளியில் வராமல் சிலது பிந்தியும் சிலது கொத்தாகவும் வருகின்றன. கேட்கும் போன் வந்த பாக்கெட்டுகளைச் சில பத்து மில்லிவினாடிகள் ஒரு தாங்கலில் நிறுத்திவைத்துச் சீராக வெளியே விடும். தாங்கல் காலியாகப் போகிறது என்றால் ஒலியை இழுக்கும், நிரம்பி வழிகிறது என்றால் சுருக்கும். அதற்கும் பிந்தி வரும் பாக்கெட் பத்திரமாக வந்து சேர்ந்தாலும் குப்பைக்குத்தான் போகும். தாமதமும் தொலைவதும் ஒன்றுதான் என்பது இந்தத் துறையின் பாலபாடம்.

கோடுகள் அப்படியே இருக்க, நெரிசல் எங்கே நுழைகிறது

4ஜியில் சிக்னல் கோடுகள் பெரும்பாலும் RSRP என்ற அளவை வைத்து வரையப்படுகின்றன. டவர் எந்நேரமும் அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு அடையாள அலை எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதே அது. எத்தனை கோடு காட்டுவது என்பதை போன் நிறுவனமும் சேவை நிறுவனமும் தாங்களே முடிவு செய்துகொள்கின்றன, எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. அந்த டவரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் இந்த அளவில் இருக்காது.

சரி, நெரிசல் என்றால் குரலும் மாட்டிக்கொள்ளும்தானே என்று தோன்றும். அவ்வளவு நேரடியாக இல்லை. 4ஜியில் சாதாரண போன் அழைப்புக்குத் தனி வரிசை உண்டு. போனுக்கும் சேவை நிறுவனத்தின் மைய நெட்வொர்க் நுழைவாயிலுக்கும் நடுவே தாமதம் 100 மில்லிவினாடியைத் தாண்டக் கூடாது, நூற்றில் ஒரு பாக்கெட்டுக்கு மேல் தொலையக் கூடாது என்ற இலக்கோடு, உறுதி செய்யப்பட்ட வேகத்தில் குரல் போகும். பக்கத்தில் பத்துப் பேர் வீடியோ பார்த்தாலும் உங்கள் குரல்தான் முதலில் போகும். ஆப் வழி அழைப்புகளுக்குப் பொதுவாக இந்தச் சலுகை கிடையாது, அவை மற்ற இணையப் பாக்கெட்டுகளோடு சேர்ந்தே நிற்கின்றன. கூட்டமான நேரத்தில் சாதாரண அழைப்பு தெளிவாகவும் ஆப் அழைப்பு உடைந்தும் கேட்டால், உங்கள் டவரில் டேட்டா நெரிசல் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம்.

சாதாரண அழைப்பும் உடைகிறது என்றால் நெரிசல் கொல்லைப்புற வழியாக வந்திருக்கிறது. உங்கள் டவரும் பக்கத்து டவர்களும் பெரும்பாலும் ஒரே அலைவரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. பக்கத்து டவரில் கூட்டம் சேரும்போது அது அதிக நேரம் ஒலிபரப்பும். அந்த அலை உங்கள் போனுக்கு இரைச்சல். உங்கள் டவரின் வலு அப்படியே இருக்கும், கோடுகளும் குறையாது, ஆனால் இரைச்சல் ஏறியதால் பாக்கெட்டைப் படிக்க முடியாமல் போகும். உங்கள் டவரின் அலை இரைச்சலைவிட எவ்வளவு வலுவானது என்ற விகிதத்தைக் காட்டும் அளவு SINR. பல ஆண்ட்ராய்டு போன்களில் `*#*#4636#*#*` என்று டயல் செய்தாலும், ஐபோனில் `*3001#12345#*` என்று அழைத்தாலும் வரும் பக்கத்தில் RSRP, SINR இரண்டையும் பார்க்கலாம், எண்களின் பெயர் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். RSRP -85 என்றால் கோடுகள் அநேகமாக நிறைந்திருக்கும். அதோடு SINR 15-ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை. அதே -85-இல் SINR பூஜ்யத்துக்குப் பக்கத்திலோ அதற்குக் கீழேயோ போனால், கோடுகளைப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. உயரமான கட்டடத்தின் மேல் தளங்களில் இது சகஜம். ஜன்னலிலிருந்து நான்கைந்து டவர்கள் ஒரே வலுவில் தெரியும், எல்லாமே வலுவாக இருப்பதுதான் அங்கே தொல்லை.

படிக்க முடியாத பாக்கெட்டை டவர் மறுபடி அனுப்பும். ஒவ்வொரு முறையும் 8 மில்லிவினாடி போல ஆகும். ஓரிரு முறை என்றால் தாங்கல் விழுங்கிவிடும். குறிப்பிட்ட நேரத்துக்குள் போய்ச் சேரவில்லை என்றால் அந்தப் பாக்கெட்டைக் கைவிட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் குரலுக்கு வழக்கம். பழைய வார்த்தையைப் பிந்திக் கொண்டுவந்து கொடுத்து யாருக்கு லாபம்?

இதுவரை சொன்னது டவரிலிருந்து போனுக்கு வரும் திசை. எதிர்த் திசை இன்னும் பலவீனமானது. டவர் பத்துக் கணக்கான வாட்டில் அனுப்புகிறது. போனுக்கு 4ஜியில் பொதுவான உச்சவரம்பு 23 டிபிஎம், அதாவது 0.2 வாட். டவர் பேசுவது உங்களுக்கு நன்றாகக் கேட்கும், நீங்கள் பேசுவது டவருக்குக் கேட்காது. கோடுகள் இந்தத் திசையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. "எனக்கு எல்லாம் நல்லா கேக்குது, அவங்களுக்குத்தான் நான் பேசுறது உடையுது" என்ற புகாரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை.

நீங்கள் பார்க்கும் கோடுகளில் அழைப்பே போகாமல் இருக்கலாம்

வைஃபை அழைப்பு இயக்கத்தில் இருந்தால், டவர் சிக்னல் நிறைந்திருக்கும்போதே போன் அழைப்பை வைஃபைக்கு மாற்றிவிடக்கூடும். சேவை நிறுவனத்தின் பெயருக்கு அருகே Wi-Fi அல்லது VoWiFi என்று தெரிந்தால் உங்கள் குரல் டவர் பக்கமே போகவில்லை. டவர் கோடுகள் எப்படி இருந்தாலும் இந்த அழைப்புக்குச் சம்பந்தமில்லை. வைஃபை கோடுகளும் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள சில மீட்டருக்கு மட்டுமே சாட்சி. அதற்கு அப்பால் உங்கள் இணைய இணைப்பு, பொது இணையம், கடைசியில் சேவை நிறுவனத்தின் நுழைவாயில் என்று பாதை நீள்கிறது. குரல் அதுவரை ரகசியக் குறியீட்டுச் சுரங்கம் ஒன்றின் வழியே போகும். 33 பைட் குரலுக்கு முகவரி, பூட்டு என்று உறைகள் சேர்ந்து ஒரு பாக்கெட் ஏறக்குறைய 150 பைட் ஆகிவிடும். அப்படியும் ஒரு திசைக்கு வினாடிக்கு 100 கிலோபிட்கூடத் தேவைப்படாது. எனவே "எங்க வீட்ல 100 எம்.பி. ஸ்பீடு" என்பது இங்கே வாதமே ஆகாது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இணையத்திலிருந்து இறக்கம் வினாடிக்கு 100 மெகாபிட், இணையத்துக்கு ஏற்றம் 4 மெகாபிட். போன் ரவுட்டருக்கு அருகிலேயே இருக்கிறது, வைஃபை கோடுகள் முழுசு. பேசும்போது இவருக்கு மறுமுனை சுத்தமாகக் கேட்கிறது. மறுமுனையில் இருப்பவருக்கோ சிலசமயம் இவர் ரோபோ, சிலசமயம் முழுசாகக் காணாமல் போகிறார், அதுவும் எப்போதாவதுதான். அதே நேரத்தில் வீட்டிலிருக்கும் ஒரு லேப்டாப், படங்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது.

ஏற்றப் பாதை 4 மெகாபிட் என்பதால் லேப்டாப் தள்ளும் பாக்கெட்டுகள் மோடத்தின் வரிசையில் தேங்கும். அந்த வரிசை 5 லட்சம் பைட் கொள்ளும் என்று வையுங்கள். அது 40 லட்சம் பிட். வினாடிக்கு 40 லட்சம் பிட் வெளியேறுகிறது என்றால், நிரம்பிய வரிசையின் கடைசியில் சேரும் ஒரு குரல் பாக்கெட் வெளியே வர முழுசாக ஒரு வினாடி ஆகும். குரலுக்கு என்று தனி வரிசை அங்கே இல்லை, 150 பைட் குரலும் 1,500 பைட் வீடியோவும் ஒரே வரிசைதான்.

தாமதம் எப்போதும் ஒரே ஒரு வினாடியாகவே இருந்தால் குரல் உடையாது, பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழும், அவ்வளவுதான். ஆனால் கோப்பு ஏற்றும் முறை அப்படி வேலை செய்வதில்லை. வரிசை நிரம்பி பாக்கெட்டுகள் சிந்தும்வரை வேகத்தைக் கூட்டும், சிந்தியதும் குறைக்கும், மறுபடி கூட்டும். தாமதம் ஒருசமயம் 200 மில்லிவினாடி, சற்று நேரத்தில் 900 என்று ஏறி இறங்கும். கேட்கும் போனின் தாங்கல் இதைத் துரத்திப் பிடிக்க முடியாமல் திணறும். வரிசை வழியும் கணத்தில் சிந்தும் பாக்கெட்டுகளில் குரலும் சேர்ந்து போகும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். வரிசையை நீளமாக வைத்தால் எதுவும் தொலையாது என்று நினைத்து நீளமாக்கியதன் விளைவு.

இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. போன் இருக்கும் இடத்திலேயே வைஃபையில் ஒரு கணினியை வைத்து, ஒரு சின்னப் பாக்கெட்டை அனுப்பிப் பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை இரண்டு சாளரங்களில் ஓட விடுங்கள். ரவுட்டரின் முகவரி வேறாக இருந்தால் முதல் வரியை மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸில் இப்படி:

```
ping -n 60 192.168.1.1
ping -n 60 8.8.8.8
```

முதலாவது ரவுட்டர் வரை போய்த் திரும்பும், இரண்டாவது வெளியே போய்த் திரும்பும். முதலில் வீட்டில் எதுவும் ஓடாதபோது பாருங்கள், அப்புறம் லேப்டாப் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். மேலே சொன்ன வீட்டில் ரவுட்டர் பிங் இரண்டு தடவையும் 2, 3, 5 மில்லிவினாடி என்று சின்னதாகவே இருக்கும். வெளியே போகும் பிங் மட்டும் 20-இலிருந்து 300, 700, 950 என்று ஏறி, நடுவே ஓரிரண்டு பதிலே வராமல் போகும். அப்படியென்றால் வைஃபையை மாற்றுவதும், புது ரவுட்டரை வரவேற்பறைக்கு நகர்த்துவதும் வீண்வேலை. ஏற்றுதலை நிறுத்திவிட்டுப் பேசிப் பார்த்தால் விஷயம் உறுதியாகிவிடும். நிரந்தரத் தீர்வு என்றால், ரவுட்டரில் SQM என்ற அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து, ஏற்ற வேகத்தை உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக, 3.5 மெகாபிட் போல வைக்கலாம். அப்போது வரிசை மோடத்தில் சேராது, ரவுட்டரிலேயே நிற்கும். ரவுட்டர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முறை வைத்து அனுப்புவதால் குரல் பாக்கெட் வீடியோவுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டாம். அரை மெகாபிட் போனால் போகட்டும்.

மாறாக ரவுட்டர் பிங்கே 3, 140, 8, 220 என்று தாவினால் சிக்கல் காற்றில் இருக்கிறது. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒரு சேனலில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர் முடிக்கும்வரை காத்திருந்து, காலி என்று தெரிந்தபின்தான் அனுப்ப வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான், அதில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், புளூடூத் எல்லாம் பங்குக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர் வலுவாக அனுப்பினால் உங்கள் கோடுகள் குறையாது, உங்கள் முறைதான் தள்ளிப்போகும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். குரலுக்கு முன்னுரிமை தரும் WMM என்ற அமைப்பு ரவுட்டரில் அணைக்கப்பட்டிருந்தால் அதை இயக்கிவிடுங்கள், ஆனால் அது காற்றில் நடக்கும் போட்டிக்கு மட்டுமே உதவும், மோடத்து வரிசைக்கு அதனால் பலனில்லை.

யாருக்கு உடைகிறது என்று முதலில் கேளுங்கள்

ஓர் அழைப்பில் குறைந்தது நான்கு ஓட்டங்கள் இருக்கின்றன. உங்கள் ஏற்றம், உங்கள் இறக்கம், அவருடைய ஏற்றம், அவருடைய இறக்கம். நீங்கள் பேசுவது அவருக்கு உடைந்தால் உங்கள் ஏற்றமோ அவருடைய இறக்கமோதான் காரணம். அவர் பேசுவது உங்களுக்கு உடைந்தால் அவருடைய ஏற்றம் அல்லது உங்கள் இறக்கம். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பாதைகள் கழிந்துவிடும். பொதுவாக ஏற்றத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு உடைந்து கேட்கும்போது நீங்கள் ஜன்னலுக்கு நடப்பதைவிட அவரை நடக்கச் சொல்வதில்தான் பலன் அதிகம்.

அப்புறம் வேறொருவரை அழைத்துப் பாருங்கள். யாரை அழைத்தாலும் உடைந்தால் கோளாறு உங்கள் பக்கம். ஒரு குறிப்பிட்ட நெட்வொர்க்கில் இருப்பவர்களோடு பேசும்போது மட்டும், எந்த நேரத்திலும், குரல் மங்கலாகவும் அடைத்தாற்போலவும் இருந்தால், இரண்டு நெட்வொர்க்குகள் சேரும் இடத்தில் ஒரு கோடெக்கை அவிழ்த்து இன்னொன்றாக மறுபடி சுருக்குகிறார்கள் என்று ஊகிக்கலாம். அது நம் கையில் இல்லை. ஆனால் அப்படி வரும் மங்கல் சீராக இருக்கும், ரோபோ மாதிரி வந்து வந்து போகாது. புளூடூத் இயர்போனையும் ஒருமுறை கழற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள். அதற்கும் சொந்தமாக ஒரு கோடெக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவும் உண்டு, அங்கே உடைவதும் காதுக்கு இதே மாதிரிதான் கேட்கும்.

அடுத்தது வைஃபை அழைப்பை அணைத்துவிட்டு அதே இடத்தில், அதே நேரத்தில், அதே ஆளோடு பேசுவது. தெளிவானால் மேலே சொன்ன இரண்டு பிங்குகளுக்குப் போங்கள். தெளிவாகாவிட்டால் SINR-ஐப் பாருங்கள், அது தாழ்ந்திருந்தால் வேறு அறையிலோ கட்டடத்தின் வேறு பக்கத்திலோ நின்று பாருங்கள். இரைச்சல் தரும் டவர்களைச் சுவர் மறைத்துவிட்டால், கோடு ஒன்று குறைந்த இடத்தில்கூடக் குரல் தெளிவாகக் கேட்கும். சேவை நிறுவனத்திடம் புகார் செய்யும் நிலை வந்தால் "சிக்னல் ஃபுல், வாய்ஸ் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அழைத்த தேதி, மணி, நிமிடம், நின்ற இடம், அழைத்த எண், எந்தத் திசையில் உடைந்தது, டவரிலா வைஃபையிலா என்பதைக் குறித்துக் கொடுங்கள். அவர்களுடைய பதிவுகளில் அந்த அழைப்பையும் அந்த நேரத்து டவர் நெரிசலையும் தேடிப் பார்க்க இவைதான் தேவைப்படும்.